பிள்ளைக்குத் தெரியாது, சரி, அப்பாவுக்கு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் எந்த மேல்நிலைப் பள்ளி வராண்டாவில் போய் நின்றாலும் ஒரு வாக்கியம் காதில் விழும். "பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன சார் தெரியும்? நாமதான் பார்த்து முடிவு பண்ணணும்." சொல்கிறவர் கொடுமைக்காரர் இல்லை. பிள்ளை மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் தரப்பு வாதத்தையும் குறைக்காமல் சொல்லிவிடலாம்: பதினைந்து வயதில் ஆசை மாதத்துக்கு ஒருமுறை மாறும். சினிமா பார்த்தால் போலீஸ் ஆக வேண்டும், கிரிக்கெட் பார்த்தால் பந்து வீச வேண்டும். இந்தச் சலனத்தை நம்பி ஒரு வாழ்க்கையைப் பணயம் வைக்க முடியாது. உலகம் பார்த்த பெரியவர்கள் முடிவெடுக்கட்டும், பிள்ளை நன்றாகப் படிக்கட்டும்.

இதில் முதல் பாதியை மறுக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதுக்கு வேலைகளைப் பற்றித் தெரியாதுதான். கோளாறு எல்லாம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாத காரணத்தாலேயே நமக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு என்ன ஆதாரம்?

ஒரு தகப்பனாருக்கு எத்தனை வேலைகளை உள்ளே இருந்து தெரியும்? தான் பார்க்கிற ஒன்று. மனைவி வேலைக்குப் போனால் இரண்டு. மற்றதெல்லாம் கல்யாண வீட்டில் கேள்விப்பட்டது: மச்சான் பையன் பெங்களூரில் இவ்வளவு வாங்குகிறான், பெரியப்பா மகள் டாக்டருக்குப் படித்து கிளினிக் போட்டுவிட்டாள். சம்பளமும் பதவியும் தெரியும். அந்த மச்சான் பையன் காலை 10 மணி முதல் இரவு வரை நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் செய்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். "கம்ப்யூட்டர்ல ஏதோ ப்ராஜெக்ட்" என்பதற்கு மேல் பதில் வராது. பிள்ளையின் பட்டியலும் இதே கல்யாண வீட்டில் தயாரானதுதான். 2020-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு வெளியிட்ட ஓர் அறிக்கை, 41 நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்ன வேலை எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்தது. பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் பத்து வேலைகளுக்குள் முடிந்துவிட்டார்கள். டாக்டர், டீச்சர், இன்ஜினீயர், போலீஸ் என்று நம் வீட்டில் ஒலிக்கிற அதே பெயர்கள்தான். ஆக, அறியாமை இரண்டு தலைமுறைக்கும் பொது. ஒருவருக்குத் தெரியாததை அதே அளவு தெரியாத இன்னொருவர் தீர்த்துவைப்பதைத்தான் அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பழைய வழி ஒன்று உண்டு: போய்ப் பார்ப்பது.

"அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல மார்க் எடுக்கட்டும்" என்பது அடுத்த வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. தேர்வு முடிவு வந்த சில நாளிலேயே ப்ளஸ் ஒன் குரூப் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அங்கேயே பாதிக் கதவு சாத்தப்படுகிறது. உயிரியல் எடுக்காதவர் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கணிதம் எடுக்காதவருக்கு பொறியியல் கலந்தாய்வு இல்லை. இன்னொரு பக்கம், சாத்தாத கதவைச் சாத்தியதாக நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. ஆடிட்டர் ஆக வேண்டுமென்றால் காமர்ஸ் குரூப்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். சி.ஏ. முதல்நிலைத் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். எனவே வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் ஒன்பதும் பத்தும்தான். ப்ளஸ் டூ மார்க் வந்த பிறகு பிள்ளையிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பது, பந்தி முடிந்தபின் சாப்பிட்டாயா என்று விசாரிப்பது போல.

இந்தப் பதற்றத்தை வியாபாரமாக்கியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் பத்து விரல் ரேகையை எடுத்து, மூளையின் திறமையைக் கணித்து, எந்தப் படிப்பு சரி என்று வண்ண அச்சில் கொடுக்கிற டி.எம்.ஐ.டி. சோதனை நம் ஊர் பள்ளிகளுக்குள்ளேயே கடை விரிக்கிறது. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லிவிட்டது. இதற்குச் சில ஆயிரம் கொடுக்கத் தயங்காத வீட்டில், "ஒருநாள் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும்" என்றால் மட்டும் "படிப்பு கெட்டுடும்" என்கிறார்கள்.

போய்ப் பார்ப்பதால் என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கிற பெண். வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதனால் கால்நடை டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். அப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை. வாதாடுவதற்குப் பதிலாக, காலாண்டு விடுமுறையில் பக்கத்து ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் காலை நேரம் மட்டும் போய் உட்கார ஏற்பாடு செய்தார்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம், டாக்டரிடம் நேரில் போய் ஒரு வேண்டுகோள். நிபந்தனை ஒன்றுதான்: பார்க்கலாம், கேட்கலாம், கை வைக்கக் கூடாது. அது வெறும் சம்பிரதாயம் இல்லை. கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியைத் தொட்டால் புருசெல்லோசிஸ் தொற்றலாம். வருகிற நாய்க்கு வெறிநோய் இருக்கலாம். மூடிய செருப்பு, மாட்டின் பின்கால் எட்டாத தூரம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல். வேலை வாங்குவதற்கு இடமே இல்லை. சட்டமும் அதற்குக் குறுக்கே நிற்கும். அம்மா கொண்டுவந்து விட்டார், மதியம் வந்து கூட்டிப் போனார். நடுவில் பக்கத்தில் நிற்கவில்லை. அதுதான் முக்கியம்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு நோட்டு. கால் மணி நேரத்துக்கு ஒரு வரி: டாக்டர் இப்போது என்ன செய்கிறார்? கருத்து எழுதக் கூடாது, நடப்பதை மட்டும் எழுத வேண்டும்.

காலை 8 மணிக்கு இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கறவை மாடு நிற்கிறது. டாக்டர் தோள்பட்டை வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொள்கிறார். கை முழுவதும் மாட்டின் ஆசனவாய்க்குள் போகிறது. முகம் ஏறக்குறைய வாலில் உரசுகிறது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தடவிப் பார்த்து, "மூணு மாசச் சினை" என்கிறார். அடுத்தது சினை ஊசி. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் இருக்கிற குடுவையிலிருந்து, பேனா ரீஃபில் மாதிரி ஒரு சின்னக் குழலை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுக்கிறார். பிறகு கழிச்சல் கண்ட இரண்டு ஆட்டுக்குட்டிகள். மடிநோய் வந்த மாடு; பாலைக் கையில் பீய்ச்சிப் பார்த்தால் திரிதிரியாக வருகிறது. நடுநடுவே பதிவேடு. மறுபடி பதிவேடு. அவள் ஆசைப்பட்ட நாய் ஒன்றே ஒன்று வந்தது, தடுப்பூசி போட்டுக்கொள்ள.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். மாடு செத்துவிட்டது, இன்சூரன்ஸுக்குச் சான்று வேண்டும். மாட்டின் காதில் இருக்க வேண்டிய வில்லை இல்லை. எப்போதோ அறுந்து விழுந்துவிட்டதாம். வில்லை இல்லாமல் எந்த மாட்டுக்கு பாலிசி என்று சொல்ல முடியாது. டாக்டர் கையெழுத்துப் போட மறுத்தார். வந்தவர் கெஞ்சினார், பிறகு கத்தினார், பிறகு திண்ணையில் உட்கார்ந்து அழுதார். டாக்டர் உள்ளே வந்து, பேசாமல் பதிவேட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது அவளுக்கே ஆச்சரியம். வரிகளில் பாதிக்கு மேல் மனிதர்களோடு பேசுவதும் எழுதுவதும்தான். ஊசியும் கத்தியும் அதற்குள் வந்துபோகிறவை. இதைப் படிப்பு வழிகாட்டிப் புத்தகம் எதுவும் அவளுக்குச் சொல்லவில்லை. ஐந்தரை வருடப் படிப்பு, மாநில ஒதுக்கீட்டுக்கு ப்ளஸ் டூ மார்க், வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரி என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். காது வில்லை இல்லாத மனிதரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போக முடியுமா என்ற கேள்வி அந்தத் திண்ணையில்தான் கிடைக்கும்.

இனி, இப்படி அனுப்புகிற வீடுகளிலும் காரியம் எப்படிக் கெடுகிறது என்று சொல்ல வேண்டும். பழைய எண்ணம் எளிதில் சாவதில்லை, வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளையை அனுப்பிவிட்டு, பின்னாலேயே ஒரு போன்: "அண்ணே, பொண்ணு வர்றா. நீங்க கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, இந்த வேலையெல்லாம் கஷ்டம்னு." அல்லது நேர்மாறாக: "உங்க ஆபீஸை நல்லா சுத்திக் காட்டுங்க, அவனுக்கு ஆசை வரட்டும்." அந்த நிமிடமே அது பார்வையிடல் இல்லை, தரகு. பதினைந்து வயதுக்கு வேலையைப் பற்றித்தான் தெரியாது. பெற்றோரைப் பற்றி நன்றாகத் தெரியும். வேலையிடத்தில் மாமா வழக்கத்தை மீறி அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் போன் வந்திருப்பது புரிந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே பார்க்கிற எதையும் அது நம்பாது. அதனால் சொந்தக்காரர் அலுவலகத்தைவிட, நம்மை அதிகம் தெரியாதவர் இடம் மேல். துறையின் உச்சியில் இருப்பவரைவிட, வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனவர் மேல். பிள்ளை முதலில் போய் நிற்கப் போவது அவர் இடத்தில்தான்.

இன்னொரு பிழை, ஒரே நாளை வைத்து முடிவு கட்டுவது. அறுவை சிகிச்சை நாளில் போனவனுக்கு எல்லாம் சாகசம். மாதக் கடைசியில் போனவனுக்கு எல்லாம் அறிக்கை. அதே பெண், பிறகு நகரத்தில் ஒரு தனியார் நாய் கிளினிக்கிலும் ஒருநாள் உட்கார்ந்தாள். அங்கே சேறு இல்லை, கத்தல் இல்லை. அதற்குப் பதில் பில் இருந்தது. சிகிச்சையைத் தொடரலாமா வேண்டாமா என்று பில்லைப் பார்த்து முடிவெடுக்கிற குடும்பங்கள் இருந்தன. ஒரே படிப்பு, இரண்டு வாழ்க்கை. ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும்.

எல்லா வேலையையும் உட்கார்ந்து பார்த்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புரோகிராமர் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்தால் ஒருவர் திரையை முறைத்துக்கொண்டிருப்பதுதான் தெரியும். வக்கீலின் பாதி வேலை அவர் தலைக்குள் நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பள்ளி ப்ராஜெக்ட் உதவும், அதை ப்ராஜெக்டாகச் செய்ய விட்டால். இப்போதைய வழக்கம் என்னவென்றால், சார்ட்டும் தெர்மாகோலும் வாங்கி, அம்மா வெட்டி, அப்பா ஒட்டி, பிள்ளை தூக்கிக்கொண்டு போவது. அதில் அம்மாவின் கைத்திறமை தெரியும், வேறொன்றும் தெரியாது.

நம் கதைப் பெண் என்ன செய்தாள் என்றால், தெருவில் மாடு வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய் ஒரே ஒரு கேள்வியைத் துரத்தினாள்: ஒரே சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற இரண்டு பேருக்கு ஏன் வேறு வேறு விலை? பால் சங்கத்தில் போய் நின்றபோது விடை கிடைத்தது. பாலில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய மற்ற சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. கலப்பினப் பசு நிறையக் கறக்கும், எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். தீவனம் மாறினால் கொழுப்பு மாறும். அவள் எண்களைக் கட்டம் போட்டு எழுதினாள். யாரும் சொல்லாமலே ராத்திரி உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டாள். கவனிக்க வேண்டிய அடையாளம் இதுதான். பிள்ளை எதைப் பிடிக்கும் என்று சொல்கிறது என்பதைவிட, எதைக் கேட்காமலே இரண்டாவது தடவை செய்கிறது என்பது நம்பகமானது. மருந்தகத்தில் அவளைச் சோர்வடைய வைத்த பதிவேடு, இங்கே அவளாகப் போட்டுக்கொண்டதாக இருந்தது. பால்வளத் தொழில்நுட்பம் என்று தனியாக ஒரு பி.டெக். இருப்பது அவளுக்கும் வீட்டுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குக் கணிதம் வேண்டும், கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும்.

"எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும், பயோ மேத்ஸ் எடுத்துடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்: கடைசியில் அவளும் அதைத்தானே எடுக்க வேண்டியிருக்கும்? ஆமாம். ஆனால் எந்த இரண்டு கதவுக்காக அந்தச் சுமையைத் தூக்குகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வியே எழாமல், ஒரு ஆசையும் இல்லாத கணிதத்தையும் ஒரு ஆசையும் இல்லாத உயிரியலையும் இரண்டு வருடம் சுமந்து, இரண்டிலும் மார்க் இழந்து வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கலாம். கதவு திறந்திருப்பதற்கும் விலை உண்டு, அதைப் பிள்ளைதான் கட்டுகிறது.

பேச்சுக்கு வருவோம். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும், அதற்கு மேல் நகராது. அந்தக் கேள்வி தீர்ப்புக் கேட்கிறது. தீர்ப்புச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பிள்ளைக்குத் தெரியும். "இன்னிக்கு எப்போ மணியைப் பார்த்தே?" என்று கேட்கலாம். "டாக்டர் எதுக்குக் கோபப்பட்டார்?" என்று கேட்கலாம். நடந்ததைக் கேட்டால் கதை வரும், கதைக்குள் விருப்பு வெறுப்பு தானாக வரும். சாப்பாட்டு மேஜையில் நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரணை நடத்துவதைவிட, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பேசுவது எளிது என்பது பையன்களை வளர்த்த யாருக்கும் தெரியும்.

அப்படியானால் பெற்றோர் வாயே திறக்கக் கூடாதா? "உன் இஷ்டம்பா, நான் எதையும் திணிக்க மாட்டேன்" என்று கை உதறிவிடுகிற புது ரகப் பெற்றோரும் வந்துவிட்டார்கள். எனக்கு இவர்கள் மீதும் மரியாதை இல்லை. திணிக்காமல் இருப்பது என்றால் ஒதுங்கிக்கொள்வதில்லை. பெற்றோரிடம் இரண்டு வகைப் பேச்சு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வினை. ஒன்று வரம்பு: "நம்மால தனியார் காலேஜ் டொனேஷன் கட்ட முடியாது. அரசு சீட் கிடைச்சா படிக்கலாம், கிடைக்கலைன்னா வேற வழி யோசிக்கணும். வங்கிக் கடன் இவ்வளவுக்கு மேல வேண்டாம்." இன்னொன்று விருப்பம்: "எனக்கு நீ இன்ஜினீயர் ஆகணும்னு ஆசை." வரம்பைச் சொல்லியே ஆக வேண்டும், ஒன்பதாவதிலேயே, தொகையோடு. அது திணிப்பு இல்லை, தகவல். விருப்பத்தைக்கூட ஒரு தடவை, என் விருப்பம் என்று பெயர் போட்டுச் சொல்லலாம். நம் வீடுகளில் நடப்பது வேறு. விருப்பத்துக்கு வரம்பின் சட்டையை மாட்டிவிடுகிறோம். "அந்தப் படிப்புக்கு ஸ்கோப் இல்லை", "பொம்பளப் பிள்ளைக்குச் சரிப்படாது", "சாணியில கை வைக்கற வேலைக்கு யார் பொண்ணு கேட்டு வருவா?" இதில் எதுவும் விசாரித்துத் தெரிந்துகொண்ட செய்தி இல்லை. அந்த மருந்தகத்திலேயே டாக்டர் ஒரு பெண்தான்.

வசதியான வீட்டுக்காரர்களுக்குத்தான் இதெல்லாம் நடக்கும் என்பது கடைசியாக வருகிற எதிர்ப்பு. ஆள் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குக் கதவு சீக்கிரம் திறக்கும் என்பது உண்மை. அதனாலேயே இதைக் குடும்பத்தின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல் பள்ளி எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறேன். ஜப்பானில் ஹியோகோ மாநிலம் 1998 முதல் இதைச் செய்கிறது. அரசு நடுநிலைப் பள்ளிகளின் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து நாள் பள்ளிக்கு வராமல் உள்ளூர்க் கடை, பண்ணை, தீயணைப்பு நிலையம் என்று போகிறார்கள். கூலிக்காரர் பிள்ளையும் போகிறது, முதலாளி பிள்ளையும் போகிறது. இங்கே 'நான் முதல்வன்' திட்டம் 2022-ல் வந்தபின் அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் உருப்படியாகவே நடக்கிறது. ஆனால் அது எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்த நுழைவுத் தேர்வு என்ற கேள்விகளுக்கான விடை. பால் சங்கமும் மின்வாரிய அலுவலகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. தலைமை ஆசிரியரின் கடிதம் ஒன்று இருந்தால் பெரும்பாலும் திறக்கிற கதவுகள் அவை.

நேரம் இல்லை என்றும் சொல்வார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, முடிவு மே மாதம் வருகிறது. அந்த இடைவெளியில் பிள்ளை எங்கே இருக்கிறது? பெரும்பாலான ஊர்களில், இன்னும் எழுதிக்கொடுக்காத ஒரு குரூப்பின் ப்ளஸ் ஒன் பாடத்தை முன்கூட்டியே முடிக்கிற டியூஷனில். முன்பணம் கட்டியாகிவிட்டது, அதனாலேயே குரூப்பும் முடிவாகிவிட்டது.